சேர்க்கைக் கடிதம்: செய்ய வேண்டியவை (ஜெர்மனி, குளிர்காலப் பருவம் 2025)

தம்பி, நீ அனுப்பிய இரண்டு பக்கப் படத்தின் சாரம் இது.

☐ ஆகஸ்ட் 29: பல்கலையின் போர்ட்டலில் இடத்தை ஏற்றுக்கொள். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

☐ செப்டம்பர் 5: பருவக் கட்டணம் 298.50 யூரோ. பணம் அன்றைக்குள் பல்கலையின் கணக்கில் விழ வேண்டும். வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்குச் சில நாள் பிடிக்கும், வங்கிக் கட்டணத்தையும் நீயே ஏற்றுக்கொள், இல்லையேல் தொகை குறையும். குறிப்பில் விண்ணப்ப எண். படத்தில் மடிப்பு, ஐபேன் என்ற வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மறைக்கிறது. போர்ட்டலில் பார்த்து எழுது.

☐ செப்டம்பர் 15: மருத்துவக் காப்பீடு. அட்டையை ஸ்கேன் செய்து அனுப்பினால் செல்லாது. காப்பீட்டு நிறுவனமே M10 என்ற மின்னணுத் தகவலைப் பல்கலைக்கு அனுப்பும். நீ கேட்டால்தான் அனுப்பும். பயணக் காப்பீடு இதற்கு ஈடாகாது.

☐ அதே நாள், தபாலில்: பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் (சான்றொப்பமிட்ட நகல்), கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவம். தபால் முத்திரைத் தேதி கணக்கில்லை, கைக்குக் கிடைக்கும் தேதிதான்.

விசா தாமதமானால் செப்டம்பர் 15-க்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பு.