குட்டைப் பென்சில்

கதிருக்கு அப்போது ஆறு வயது. பன்னிரண்டு கலர் பென்சில் இருந்த பெட்டியில் பதினொன்றின் பெயர் அவனுக்குத் தெரியும். சிவப்பும் பச்சையும் அவ்வப்போது குழப்பும்தான். ஆனால் முனை மழுங்கியது பச்சை, பின்பக்கம் கடித்து வைத்தது சிவப்பு என்று சமாளித்துக்கொள்வான்.

"டேய், அந்த ஊதாவைக் கொடு" என்றாள் அக்கா.

புதுச் சொல். அவள் கை போன திசையைப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

"இது நீலம்டா. ஊதா, ஊதா!"

அவளே எட்டி எடுத்துக்கொண்டாள். வரைந்து முடித்துவிட்டு அவள் எழுந்து போனதும் கதிர் இரண்டு பென்சிலையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படுத்துக்கொண்டு பார்த்தான். இதுவும் நீலம், அதுவும் நீலம். ஒன்று அவன் சுண்டுவிரல் நீளம். இன்னொன்று அதைவிடப் பெரியது. சின்ன வித்தியாசமெல்லாம் இல்லை, நல்ல வித்தியாசம். ஓ, அப்படியா! நீலம் குட்டையானால் ஊதா.

இதில் அவனுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. கன்றுக்குட்டி வளர்ந்தால் மாடு என்கிறார்கள். அவனையே வீட்டில் கதிர் என்றும் பள்ளியில் கதிரவன் என்றும் கூப்பிடுகிறார்கள். பெரியவர்கள் இப்படித்தான், ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வைத்துக்கொண்டு நம்மைப் பாடாய்ப் படுத்துவார்கள்.

அந்த விதி அவனை மூன்று வாரம் காப்பாற்றியது. அக்கா கேட்டால் ஊதா, அம்மா கேட்டால் ஊதா, ஒருமுறைகூடத் தப்பவில்லை. பிறகு அவன் கடல் வரைந்தான். தாள் முழுக்கக் கடல். சீவிச் சீவி நீலப் பென்சில் தேய்ந்து போனது அவன் கவனத்துக்கு வரவே இல்லை. மறுநாள் அம்மாவுக்காக ஒரு கத்தரிப்பூ வரைந்து, எல்லாவற்றிலும் குட்டையான பென்சிலால் நிறம் தீட்டி நீட்டினான்.

"நீலத்துல கத்தரிப்பூவா?" அம்மா சிரித்தாள்.

"இல்லம்மா, ஊதா. குட்டைதானே ஊதா?"

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவனை மடியில் உட்காரவைத்து இரண்டு பென்சிலாலும் ஒவ்வொரு கோடு போட்டாள். "ரெண்டும் எப்படித் தெரியுது?"

"ஒண்ணாத்தான் தெரியுது. ஏன், வேற மாதிரியா?"

கண் மருத்துவர் புள்ளிகளால் ஆன வட்டங்கள் நிறைந்த புத்தகம் ஒன்றை விரித்தார். முதல் பக்கத்தில் 12. சட்டென்று சொன்னான். இன்னொரு பக்கத்தில் அம்மாவுக்கு 74 பளிச்சென்று தெரிந்தது. கதிர் தலையைச் சாய்த்துப் பார்த்து "21" என்றான். அம்மா மருத்துவரைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தில் "எண்ணே இல்லையே, வெறும் புள்ளி" என்றான். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

மருத்துவர் அதிகம் பேசவில்லை. ஊதாவுக்குள் இருக்கும் சிவப்பு இவன் கண்ணுக்குச் சரியாக எட்டுவதில்லை, மிச்சம் இருக்கும் நீலம்தான் தெரிகிறது. பார்வைக் கூர்மையில் குறை இல்லை. பிறவியிலேயே வந்தது, சரிசெய்ய மருந்து கிடையாது. பிறகு அம்மாவிடம், "இது தாய் வழியா வர்றது. உங்க அப்பாவுக்கு நிறத்துல ஏதாவது தடுமாற்றம் உண்டா?" என்றார்.

"அப்படி எதுவும்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அப்பாவின் கணக்கு மேசை நினைவுக்கு வந்தது. சிவப்புப் பேனாவின் கழுத்தில் எப்போதும் ஒரு நூல் சுற்றியிருக்கும். நூல் நைந்தால் வேறு நூல் சுற்றுவார். சின்ன வயதில் அவளே எத்தனையோ முறை அதைப் பிரித்து விளையாடித் திட்டு வாங்கியிருக்கிறாள். ஏன் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தாத்தா வந்தார். மகள் சொன்னதைக் கேட்டு "ம்" என்றார், அவ்வளவுதான். பேரனைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"இதுல ஊதா எது, அக்காகிட்ட கேட்டுட்டு வா."

கேட்டு வந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு நூல் துண்டை எடுத்துப் பென்சிலில் மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். கதிர் கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தான். முடிச்சு தட்டுப்பட்டது.

"தாத்தா, உங்களுக்கு ஊதா எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியற மாதிரிதான்டா. நீலமா."

"அப்ப நிஜ ஊதா?"

"யாருக்குத் தெரியும்! உங்கம்மா அழகா இருக்குன்னு சொல்லுவா."

கதிர் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தான். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அங்கே நூல் கட்டியிருந்தது.

"உங்க கண்ணாடியும் ஊதாவா தாத்தா?"

தாத்தா கண்ணாடியைக் கழற்றித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "கறுப்புன்னு நினைச்சுத்தான் வாங்கினேன்" என்றார். "எதுக்கும் அக்காவைக் கூப்பிடு."