நீடாமங்கலம் உர, பூச்சிமருந்துக் கடைக்கு வந்த ஜிஎஸ்டி நோட்டீஸ்: எளிய தமிழில்

தேதி: 15-9-2025
பொருள்: 8-9-2025 அன்று வந்த ASMT-10 நோட்டீஸ், 2024-25 கணக்கு ஆண்டு

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, வணக்கம்.

நோட்டீஸை முழுதும் படித்து, உங்கள் பில்களோடு ஒப்பிட்டுவிட்டோம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறோம். நோட்டீஸில் 42,200 ரூபாய் என்று இருந்தாலும், எங்கள் கணக்குப்படி நீங்கள் ரொக்கமாகக் கட்டவேண்டியது 266 ரூபாய் வட்டி மட்டும்தான். ஒரு பில்லுக்கான 8,000 ரூபாய் வரிக்கழிவை இப்போதைக்குத் திருப்பிக் காட்ட வேண்டும். அந்தப் பில் மொத்த வியாபாரி பக்கம் சரியானதும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பதில் போடக் கடைசி நாள் 8-10-2025. சம்பா விதைப்புக் கூட்டத்தில் இது மறந்துபோகக் கூடாது என்பதால் அந்தத் தேதியைக் கல்லாப்பெட்டி மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

நோட்டீஸ் ஆங்கிலத்தில், சட்ட நடையில் இருக்கிறது. பயமுறுத்துவது அந்த நடைதான். அதனால் அதன் ஒவ்வொரு பகுதியையும் சாதாரணப் பேச்சில் கீழே எழுதியிருக்கிறோம்.

"சட்டப்பிரிவு 61-இன் கீழ் தங்கள் ரிட்டர்ன்கள் ஆய்வு செய்யப்பட்டதில் கீழ்க்கண்ட முரண்பாடுகள் கவனிக்கப்பட்டுள்ளன"

நீங்கள் தாக்கல் செய்த ஒரு ரிட்டர்னையும் இன்னொரு ரிட்டர்னையும் அலுவலகத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு இடத்தில் தொகை ஒத்துப்போகவில்லை. ஏன் என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். இது வரி கட்டச் சொல்லும் ஆணை அல்ல. நீங்கள் ஏய்த்ததாக இதில் எங்கும் எழுதவில்லை. கடைக்குச் சோதனைக்கு வருவது வேறு பிரிவு, பிரிவு 67. அதற்கும் இந்தக் காகிதத்துக்கும் சம்பந்தம் இல்லை.

"மேற்படி முரண்பாடுகளுக்கான காரணங்களை விளக்குமாறு இதன்மூலம் பணிக்கப்படுகிறீர்கள்"

காரணத்தை எழுதி அனுப்புங்கள் என்று அர்த்தம். அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியதில்லை. பதில் போர்ட்டல் வழியாகவே ASMT-11 படிவத்தில் போகிறது. பதில் சரியென்று அதிகாரி ஏற்றால் ASMT-12 என்ற கடிதம் வரும். அதோடு விஷயம் முடிந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து 2024-25 கோப்பில் வைத்துவிட வேண்டும்.

"குறித்த தேதிக்குள் விளக்கம் பெறப்படாவிடில், தாங்கள் கூறுவதற்கு ஏதுமில்லை எனக் கருதப்பட்டு, மறு அறிவிப்பின்றிச் சட்டப்படி நடவடிக்கை தொடங்கப்படலாம்"

எல்லா ASMT-10 நோட்டீஸிலும் அச்சடித்தாற்போல் வரும் வரி இது, உங்களுக்காக எழுதியது அல்ல. ஆனால் இதில் உண்மை இருக்கிறது. பதிலே போடாமல் விட்டால், அடுத்து பிரிவு 74A-ன்கீழ் DRC-01 என்ற நோட்டீஸ் வரலாம். அது வந்த 60 நாளுக்குள் வரியும் வட்டியும் கட்டினால் அப்போதும் அபராதம் இல்லை. அதையும் தாண்டினால் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது அபராதம். மத்திய, மாநிலச் சட்டங்களுக்குத் தனித்தனியாகப் போடுவது வழக்கம் என்பதால் 20,000 வரை போகும். 266 ரூபாயில் முடிகிற காரியத்தை அதுவரை இழுக்க வேண்டாம்.

இனி அந்த இரண்டு வித்தியாசங்கள்.

முதலாவது: "GSTR-1-ஐ விட GSTR-3B-யில் வரிப்பொறுப்பு ரூ.18,000 குறைவாக அறிவிக்கப்பட்டுள்ளது"

விற்ற பில்களின் பட்டியலான GSTR-1-ல் இருக்கும் வரியைவிட, மாதச் சுருக்க ரிட்டர்னான GSTR-3B-யில் கட்டிய வரி 18,000 குறைவு என்கிறார்கள். மார்ச் 29, 30, 31 ஆகிய மூன்று நாளில் உளுந்து, பயறுக்கு விற்ற பூச்சிமருந்து ஒரு லட்சம் ரூபாய். 18 சதவீதம் போட்டால் சரியாக 18,000. பில் போடும் மென்பொருளிலிருந்து நேராகப் போனதால் GSTR-1-ல் இது வந்துவிட்டது. கையால் போட்ட மாதச் சுருக்கத்தில் மூன்று நாள் விடுபட்டதால் மார்ச் 3B-யில் வரவில்லை. ஏப்ரல் 3B-யில் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. ஏப்ரல் 3B-யில் காட்டிய வரி, ஏப்ரல் GSTR-1-ஐ விட அதே 18,000 அதிகமாக இருப்பதே சாட்சி.

ஆகவே வரி பாக்கி இல்லை, தாமதம் மட்டும் உண்டு. 20-4-2025-ல் கட்டவேண்டியது 20-5-2025-ல் போயிருக்கிறது. 18,000 × 18% × 30 ÷ 365 = 266 ரூபாய். மத்திய வரிக்கு 133, மாநில வரிக்கு 133. ரொக்கமாகக் கட்டிய பகுதிக்குத்தானே வட்டி என்று கேட்கலாம். அந்தச் சலுகை, அந்தந்த மாத விற்பனையை அதே மாத ரிட்டர்னில் காட்டி, ரிட்டர்ன் தாமதமானால் மட்டுமே. அடுத்த மாத ரிட்டர்னில் காட்டியதால் முழுத் தொகைக்கும் வட்டி போட்டிருக்கிறோம்.

இரண்டாவது: "GSTR-2B-யில் உள்ளதைவிட ரூ.24,200 கூடுதலாக உள்ளீட்டு வரி வரவு எடுக்கப்பட்டுள்ளது"

நீங்கள் சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்கிறீர்கள். இந்தக் கழிவைத்தான் வரவு என்கிறார்கள். மொத்த வியாபாரி உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு அந்தப் பில்லைக் காட்டினால்தான் அது உங்கள் 2B-யில், அதாவது உங்களுக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலில் வரும். நீங்கள் 3,12,450 கழித்திருக்கிறீர்கள். 2B-யில் தெரிவது 2,88,250. மீதி 24,200 இரண்டு பில்களால் வந்தது. இரண்டின் கதையும் வேறு வேறு.

தஞ்சாவூர் மொத்தக் கடையின் 27-3-2025 தேதியிட்ட மருந்து பில்: மதிப்பு 90,000, வரி 16,200. அவர்கள் அதை ஏப்ரல் GSTR-1-ல் காட்டியதால் உங்களுக்கு ஏப்ரல் 2B-யில் வந்திருக்கிறது. ஒரு மாதம் முந்தி எடுத்துவிட்டோம், அதுதான் குறை. இங்கே அதிகாரி முதலில் சந்தேகப்படுவது, மார்ச்சிலும் ஏப்ரலிலும் இரண்டு தடவை எடுத்தீர்களா என்பதை. இல்லை. ஏப்ரல் 3B-யில் எடுத்த வரவு, ஏப்ரல் 2B-யை விட 16,200 குறைவாகவே இருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து அனுப்புகிறோம்.

கும்பகோணம் மொத்த வியாபாரியின் 11-1-2025 தேதியிட்ட உர பில்: மதிப்பு 1,60,000, ஐந்து சதவீதத்தில் வரி 8,000. இதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. சரக்கு வந்தது, பணம் வங்கி வழியாகப் போயிற்று. ஆனால் அவர்கள் உங்கள் எண்ணைப் போடாமல் சில்லறை விற்பனைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். வரி அரசுக்குப் போயிருந்தாலும் உங்கள் பெயரில் போகவில்லை. 2B-யில் வராத பில்லுக்கு வரவு இல்லை என்று சட்டம் தெளிவாகச் சொல்வதால், இதை வாதாடிப் பயனில்லை. திருப்பிக் காட்டிவிட்டுத் திரும்ப எடுப்பதே சுருக்கமான வழி.

20-9-2025-க்குள் போகவேண்டிய ஆகஸ்ட் 3B-யில் அட்டவணை 4(B)(2)-ல் 4,000 + 4,000 திருப்பிக் காட்டுகிறோம். கும்பகோணம்காரர்கள் 11-10-2025-க்குள் போடும் செப்டம்பர் GSTR-1-ல் இந்தப் பில்லை உங்கள் எண்ணுடன் சேர்த்தால், 14-10-2025 அன்று 2B-யில் வரும். செப்டம்பர் 3B-யில் 4(A)(5)-ல் எடுத்து, 4(D)(1)-லும் காட்ட வேண்டும். 4(B)(1)-ல் தவறிப் போட்டால் அது நிரந்தரமாக விட்டுக்கொடுத்ததாகிவிடும், கவனம். 2024-25 பில்களுக்கு வரவு எடுக்க 30-11-2025 கடைசி. அதைத் தாண்டினால் 8,000 போனது போனதுதான். அதனால் அவர்களிடம் இந்த வாரமே போனில் பேசிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நாங்கள் சொன்னால் ஆடிட்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள்.

இந்த 24,200-க்கு வட்டி உண்டா? தவறாக எடுத்த வரவைச் செலவழித்தால்தான் வட்டி. வரவு சேரும் கணக்கான உங்கள் கிரெடிட் லெட்ஜரில் 2025 பிப்ரவரி முதல் இன்றுவரை இருப்பு 31,460-க்குக் கீழே இறங்கவே இல்லை. அதாவது அந்த 24,200 தொடப்படாமல் அப்படியே கிடந்திருக்கிறது. வட்டி இல்லை. திருப்பிக் காட்டும்வரை இருப்பு 24,200-க்குக் கீழே போகாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நீங்கள் செய்யவேண்டியது

நோட்டீஸ் உண்மையானதா என்ற சந்தேகம் வேண்டாம். போர்ட்டலில் Services > User Services > View Additional Notices/Orders பக்கத்தில் நாங்களே பார்த்துவிட்டோம். யாராவது போன் செய்து, நோட்டீஸைச் சரிசெய்கிறேன், இந்த எண்ணுக்குப் பணம் போடுங்கள் என்றால் கொடுக்காதீர்கள். வரி, வட்டி எல்லாம் போர்ட்டல் சலான் வழியாக மட்டுமே.

266 ரூபாய் சலானை நாங்கள் எடுத்து அனுப்புகிறோம், அதைக் கட்டினால் போதும். நீங்களே கட்டுவதாக இருந்தால் Interest என்ற கட்டத்தில் போடுங்கள். பழக்கத்தில் Tax கட்டத்தில் போட்டுவிட்டால் அது வட்டிக்கு நேராகப் பயன்படாது. PMT-09 போட்டு மாற்றவேண்டி வரும். சலானுக்குப் பின், நாமாகவே கட்டியதைக் காட்டும் DRC-03 படிவத்தை நாங்கள் தாக்கல் செய்வோம்.

இவற்றை 25-9-2025-க்குள் கொடுத்தனுப்புங்கள்: மார்ச் 29 முதல் 31 வரை போட்ட விற்பனை பில்கள், தஞ்சாவூர், கும்பகோணம் கொள்முதல் பில்கள் இரண்டும், சரக்கு வந்த லாரி ரசீது அல்லது இவே பில், அந்த இரண்டு பேருக்கும் பணம் போனதற்கான வங்கிப் பக்கம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் போயிருக்கவேண்டும் என்று விதி இருப்பதால் வங்கிப் பக்கம் அவசியம். கும்பகோணம்காரர்களிடமிருந்து, பில்லைத் திருத்துகிறோம் என்று லெட்டர்பேடில் ஒரு கடிதமும் வேண்டும். பதில் தாக்கலாகும்போது ஓடிபி உங்கள் செல்லுக்கு வரும். அந்த நேரம் நாங்கள் கூப்பிடுவோம், எங்களுக்கு மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் சார்பில் போகும் பதில்

"ஐயா, 8-9-2025 தேதியிட்ட தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. 1) ரூ.18,000 வரி, மார்ச் 2025 விற்பனைக்கானது. ஏப்ரல் 2025 GSTR-3B-யில் 20-5-2025 அன்று செலுத்தப்பட்டுவிட்டது. 30 நாள் தாமதத்துக்கான வட்டி ரூ.266 DRC-03 மூலம் செலுத்தப்பட்டுள்ளது. 2) ரூ.16,200-க்கான பில் ஏப்ரல் 2025 GSTR-2B-யில் உள்ளது. இருமுறை வரவு எடுக்கப்படவில்லை. 3) ரூ.8,000 ஆகஸ்ட் 2025 GSTR-3B, அட்டவணை 4(B)(2)-ல் திருப்பிக் காட்டப்பட்டுள்ளது. விற்பனையாளர் திருத்தியபின் சட்டப்படி மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும். 4) இக்காலம் முழுவதும் கிரெடிட் லெட்ஜர் இருப்பு ரூ.24,200-க்கு மேல் இருந்ததால், வரவு பயன்படுத்தப்படவில்லை. பிரிவு 50(3) வட்டி எழவில்லை. ஆவணங்கள் இணைப்பில் உள்ளன. விளக்கத்தை ஏற்று ASMT-12 வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். கூடுதல் விவரம் தேவையெனில் தெரிவிக்கவும்."

இதில் ஏதாவது ஒரு தொகையோ தேதியோ உங்கள் நோட்டுப் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், தாக்கலுக்கு முன்பே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரி ஆலோசகர் அலுவலகம்