அக்டோபர் 1 ரத்ததான முகாம்: எல்லாப் பிரிவினருக்கும் அறிவிப்பு

நாள்: 1.10.2026, வியாழக்கிழமை
நேரம்: காலை 8.30 முதல் மாலை 4 வரை
இடம்: கேன்டீன் மாடி, பயிற்சி ஹால்
ரத்தம் எடுப்பவர்கள்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரத்த வங்கி மருத்துவக் குழு

அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்ததான நாள். அந்த நாளை நாம் எடுத்துக்கொண்டதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மறுநாள் காந்தி ஜெயந்தி, பவுண்டரிக்கு விடுமுறை. கடினமான உடலுழைப்பு, கிரேன், நீண்ட தூர வண்டி ஓட்டுவது போன்ற வேலையில் இருப்பவர்கள் ரத்தம் கொடுத்த பிறகு 24 மணி நேரமாவது கழித்துத்தான் அடுத்த டூட்டிக்குப் போக வேண்டும் என்பது ரத்த வங்கிகளுக்கான விதி. இதனாலேயே பர்னஸிலும் லேடில் பிடிப்பதிலும் இருப்பவர்கள் ஆசைப்பட்டும் முகாமில் கலந்துகொள்ள முடியாமல் போகிறது. இந்த முறை அவர்களும் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் ஷிப்ட் வாரியாக இந்த ஏற்பாடு.

முதல் ஷிப்ட்: மெஷின் ஷாப், கோர் ஷாப், டிஸ்பாட்ச், அலுவலகம் ஆகிய பிரிவினர் காலையிலேயே வரலாம். சூப்பர்வைசர் ஆள் மாற்றி அனுப்புவார், முகாமில் இருக்கும் நேரம் டூட்டி நேரமாகவே கணக்காகும். பர்னஸ், மோல்டிங், ஃபெட்லிங், கிரேன், ஃபோர்க்லிஃப்ட் ஆட்கள் 2 மணிக்கு ஷிப்ட் முடித்து, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நடுவில் வந்து கொடுத்துவிட்டு மறுபடி வேலையில் நிற்க அனுமதி இல்லை.

இரண்டாம் ஷிப்ட்: மதியம் 1 மணிக்குள் வந்துவிடுங்கள். மேலே சொன்ன கடின வேலைப் பிரிவினர் ரத்தம் கொடுத்தால் அன்றைய ஷிப்டுக்கு வர வேண்டாம், சம்பளம் உண்டு. மாற்று ஆள் போட வேண்டியிருப்பதால் செப்டம்பர் 25 வெள்ளிக்குள் சூப்பர்வைசரிடம் பெயர் கொடுங்கள்.

மூன்றாம் ஷிப்ட்: 30ஆம் தேதி இரவு வேலை பார்த்தவர்கள் காலை 6 மணிக்கு முடித்த கையோடு வரக் கூடாது. தூக்கம் இல்லாத உடம்பில் ரத்தம் எடுக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டுவிட்டு மதியம் 2 மணிக்கு மேல் வந்தால் போதும். அக்டோபர் 1 இரவு ஷிப்ட் கிடையாது, 3ஆம் தேதி காலை வேலை தொடங்கும்.

யார் கொடுக்கலாம்?

வயது 18 முதல் 65 வரை. முதல் தடவை கொடுப்பவர் என்றால் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது, ஆண் பெண் இருவருக்கும் இதே அளவுதான். கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு 90 நாளும் பெண்களுக்கு 120 நாளும் ஆகியிருக்க வேண்டும்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாகவே ஒதுங்கிவிட வேண்டாம். கடந்த 4 வாரத்தில் மருந்தின் அளவு மாறாமல், பிரஷரும் கட்டுக்குள் இருந்தால் கொடுக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கும் அப்படியே. இன்சுலின் போடுபவர்கள் மட்டும் கொடுக்க முடியாது. மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள், டாக்டர் பார்த்து முடிவு சொல்வார்.

சிலர் கொஞ்ச காலம் காத்திருக்க வேண்டும். மலேரியா குணமாகி 3 மாதம், டெங்கு அல்லது சிக்குன்குனியா குணமாகி 6 மாதம், டைபாய்டு என்றால் 12 மாதம். பச்சை குத்தியவர்கள், காது மூக்கு குத்தியவர்கள், பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், பிரசவம் ஆனவர்கள் எல்லோரும் 12 மாதம். ஆன்டிபயாடிக் மாத்திரை முடித்து 2 வாரம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், அன்று மாதவிடாயில் இருப்பவர்கள் இந்த முறை கொடுக்க வேண்டாம்.

கோர் ஷாப் பெண்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆசையோடு வந்து, ஹீமோகுளோபின் போதவில்லை என்று திரும்பிப் போகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். அப்படித் திரும்புவதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. அளவு குறைவாக இருப்பவர்களுக்கு நம் முதலுதவி அறை நர்ஸ் ஒரு சீட்டு எழுதித் தருவார். அதைக் கொண்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, டாக்டர் சொல்லும் சிகிச்சையைத் தொடருங்கள். கடையில் கேட்டு இரும்புச் சத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். ரத்தம் கொடுக்காவிட்டாலும் அன்று ஹீமோகுளோபினும் பிரஷரும் மட்டும் பார்த்துக்கொள்ள யார் வேண்டுமானாலும் வரலாம்.

வருவதற்கு முன்

வெறும் வயிற்றோடு வரவே கூடாது. கேன்டீனில் அன்று காலை 6.30 முதல் இட்லி, பொங்கல் இருக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகட்டும். முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் நிறையக் குடியுங்கள், பர்னஸ் பக்கம் வேர்த்து நிற்பவர்களுக்கு இது மிக முக்கியம். முந்தைய இரவு மது கூடாது. பீடி, சிகரெட்டைக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் தள்ளிவைக்கவும். கம்பெனி அடையாள அட்டையோ ஆதாரோ கையில் இருக்கட்டும். முழங்கைக்கு மேல் எளிதாக ஏற்றிவிடக்கூடிய சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள். படிவம் தமிழிலும் இந்தியிலும் உண்டு, ஒடியா பேசும் தம்பிகளுக்கு எடுத்துச் சொல்லவும் ஆள் இருக்கும்.

அங்கே என்ன நடக்கும்?

படிவம், எடை, பிரஷர், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், அப்புறம் திரைக்குப் பின்னால் டாக்டருடன் தனியாகச் சில கேள்விகள். அங்கே உண்மையைச் சொல்லுங்கள், வெளியே யாருக்கும் போகாது. எடுப்பது 350 மில்லி, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உடம்பில் ஓடுவது சுமார் 5 லிட்டர். எடுத்ததில் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணுக்கள் சில வாரங்களில் நிரம்பும். ஒவ்வொருவருக்கும் புது ஊசி, புதுப் பை.

முடிந்ததும் 15 நிமிடம் உட்கார்ந்து, ஜூஸும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். தலை சுற்றினால் அப்படியே படுத்து, காலை உயர்த்தி வைத்துக்கொண்டு கையை அசைத்துக் கூப்பிடுங்கள், நர்ஸ் பக்கத்திலேயே இருப்பார். கட்டு நாலு மணி நேரம் இருக்கட்டும். அன்று அந்தக் கையால் பாரம் தூக்க வேண்டாம். உடனே பைக் எடுக்கவும் வேண்டாம், கம்பெனி வேன் பகல் 12, 2.30, 4.30 மணிக்குக் கிளம்பும்.

கொடுத்த ரத்தத்தை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதிப்பார்கள். ஏதாவது தெரிந்தால் ரத்த வங்கி உங்களை மட்டும் நேரில் அழைத்துப் பேசும். கம்பெனிக்கு அந்த முடிவு வராது, நாங்கள் கேட்கவும் மாட்டோம். எச்.ஐ.வி. சந்தேகம் தீர்த்துக்கொள்வதற்காக ரத்தம் கொடுக்க வர வேண்டாம், தொற்று புதிதாக இருந்தால் பரிசோதனையில் தப்பிவிட வாய்ப்பு உண்டு, அந்த ரத்தம் ஒரு நோயாளிக்குப் போகும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாக, ரகசியமாகப் பார்க்கலாம்.

சூப்பர்வைசர்கள் கவனத்துக்கு: யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பிரிவுக்கு இத்தனை பேர் என்ற கணக்கும் கிடையாது. வராதவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், திரும்பி வந்தவரிடம் என்ன காரணம் என்றும் கேட்க வேண்டாம். கொடுப்பவர்களுக்குப் பணமோ பரிசுப் பொருளோ இல்லை, ரத்த வங்கியின் சான்றிதழ் மட்டும் தரப்படும்.

சந்தேகம் இருந்தால் இன்டர்காம் 214, அல்லது முதலுதவி அறை நர்ஸிடம் எந்த ஷிப்டிலும் கேட்கலாம்.

தொழிலாளர் நல அலுவலர்
14.9.2026