பணி நிறைவு விழா ஏற்புரை

தலைமையாசிரியர் ஐயா அவர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியர்களே, சத்துணவுக் கூடத்து அக்காமார்களே, என் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

1994-ல் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இந்தப் பள்ளிக்கு வழி கேட்டுக்கொண்டு வந்தேன். அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 31 வருஷம் இங்கேயே கணக்கு நடத்தியாயிற்று. தக்காளி கிரேட் விலையை வைத்து லாப நட்டம் போட்டால் நீங்கள் என்னைவிட வேகமாக விடை சொல்வீர்கள். ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு அப்பாவோடு போய் வருகிற பிள்ளைகள் அல்லவா!

ஒரு விஷயத்தை இன்றாவது சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பதில் சொல்லும்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். "கையை எடுத்துட்டுச் சத்தமா சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் அதட்டினேன். கையை எடுத்தாள். பல்லெல்லாம் பழுப்புத் திட்டு. நம் ஊர் போர் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு செய்த வேலை. வெளியூரிலிருந்து வந்த எனக்கு அது தெரியாது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு வருஷம் முடியும்வரை என் வகுப்பில் கை தூக்கவே இல்லை. அவளுக்கு எல்லா விடையும் தெரியும், நோட்டைத் திருத்தியவள் நான்தானே. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபோது முதலில் அவள் முகம்தான் ஞாபகம் வந்தது. அம்மா, நீ எங்கே இருந்தாலும், அன்றைக்கு நான் செய்தது தப்பு.

அப்புறம்தான் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகப் பழகினேன். ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்றால் சாயங்காலம் போய்விடுவேன். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு கிளம்ப மூட்டை கட்டியிருப்பார்கள். ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கிற களியைச் சாப்பிட்டுவிட்டுப் பேசினால் பாதிப் பேராவது கேட்பார்கள். கேட்காத வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளின் வரிசை எண் இன்னும் எனக்கு மனப்பாடம். புதிதாக வந்திருக்கிற ஆசிரியர்களே, வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்களை மன்றாடிக் கேட்கிறேன்.

சத்துணவு அக்கா, என் சர்க்கரை நோய் தெரிந்து தினமும் எனக்கென்று தனியாகச் சர்க்கரை இல்லாத டீ வைத்தீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வது?

பிள்ளைகளே, அழாதீர்கள். வீடு பக்கத்தில்தான், கணக்கு வரவில்லை என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, கடைசியாக ஒன்று. எட்டாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சுப் பையன் திங்கள்கிழமையிலிருந்து வரவில்லை. மாங்காய் பறிக்கத் தோப்புக்குப் போகிறான் என்று கேள்வி. அடுத்த வாரம் முழுப் பரீட்சை. ஏரிக்கரைப் புளியமரத்துக்கு எதிர்வீடு. விழா முடிந்ததும் நான் போகிறேன், கணக்கு எடுக்கப்போகிற சார் என்னோடு வாருங்கள், வீட்டைக் காட்டிவிடுகிறேன்.