ஆச்சி கைமணம்: நான்கு திருநெல்வேலிச் சமையல்கள்

அளவு பற்றி

ஆச்சி எதையும் கையால்தான் அளப்பாள். "ஒரு கை தேங்காய்" என்றால் பேத்திகளுக்குப் பிடிபடவில்லை. அதனால் பொங்கல் லீவில் அவள் அள்ளிப் போடப் போட, நான் வாங்கி அளந்து எழுதினேன். எல்லாம் 4 பேருக்கு. 1 கப் என்பது 200 மி.லி.

பக்கம் 1

---

உளுந்தஞ்சோறு

தேவை: அரிசி 1 கப், தொலி உளுந்து ½ கப், பூண்டு 15 பல், வெந்தயம் ½ தேக்கரண்டி, தேங்காய்த் துருவல் ½ கப், தண்ணீர் 4 கப், உப்பு.

செய்முறை: உளுந்தை எண்ணெய் விடாமல் வாசம் வர வறுக்கவும். அரிசியோடு கழுவி, எல்லாவற்றையும் குக்கரில் போட்டு 4 விசில் விடவும். தொலியில்தான் மணமே இருக்கிறது. வெள்ளை உளுந்து வேண்டாம்.

தொட்டுக்கொள்ள: எள்ளுத் துவையல் (பக்கம் 3), மேலே நல்லெண்ணெய்.

பக்கம் 2

---

எள்ளுத் துவையல்

தேவை: எள் 4 மேசைக்கரண்டி, வற்றல் மிளகாய் 4, தேங்காய்த் துருவல் ½ கப், புளி கொஞ்சம், உப்பு.

செய்முறை: எள்ளை வெறும் சட்டியில் படபடவென்று பொரியும் வரை வறுக்கவும். ஒரு நிமிடம் கூடினாலும் கசந்துவிடும். மிளகாயை எண்ணெயில் வறுத்து, எல்லாம் சேர்த்துக் கெட்டியாக அரைக்கவும்.

தொட்டுக்கொள்ள: உளுந்தஞ்சோறு (பக்கம் 2).

பக்கம் 3

---

சொதி

கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுப் பந்தியில் எங்கள் பக்கம் சொதிதான். இந்தப் புத்தகத்தையே இதற்காகத்தான் தொடங்கினேன்.

தேவை: பெரிய தேங்காய் 1, பாசிப்பருப்பு ¼ கப், நறுக்கிய உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் எல்லாம் சேர்ந்து 2 கப், சின்ன வெங்காயம் 10, பூண்டு 8 பல், பச்சை மிளகாய் 5, இஞ்சி ஒரு துண்டு, எலுமிச்சை 1, நெய், சீரகம், கறிவேப்பிலை, உப்பு.

செய்முறை: தேங்காயைத் துருவி அரைத்து மூன்று பால் எடுக்கவும்: முதல் பால் 1 கப், மற்ற இரண்டும் தலா ஒன்றரைக் கப். பருப்பைக் குழைய வேக வைக்கவும். வெங்காயம், பூண்டை நெய்யில் வதக்கி, காய்களை மூன்றாம் பாலில் வேக விடவும். மிளகாயையும் இஞ்சியையும் அரைத்து, இரண்டாம் பால், பருப்பு, உப்போடு ஊற்றிக் கொதிக்க விடவும்.

அப்புறம் தீயைக் குறைத்து முதல் பால். இந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடவும். "கொதிச்சா திரிஞ்சிரும்ட்டி" என்று ஆச்சி பக்கத்திலேயே நிற்பாள். சீரகம், கறிவேப்பிலை தாளித்து, சூடு தணிந்த பிறகு எலுமிச்சை பிழியவும்.

தொட்டுக்கொள்ள: இஞ்சிப் பச்சடி (பக்கம் 5), உருளைக்கிழங்கு வறுவல்.

பக்கம் 4

---

இஞ்சிப் பச்சடி

தேவை: இஞ்சி 50 கிராம், பச்சை மிளகாய் 3, புளி எலுமிச்சை அளவு, வெல்லம் 3 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய், கடுகு, உப்பு.

செய்முறை: கடுகு தாளித்து, பொடியாக நறுக்கிய இஞ்சி, மிளகாயை வதக்கவும். புளிக்கரைசல், உப்பு சேர்த்துக் கொதித்துச் சுண்டியதும் வெல்லம் போட்டு இறக்கவும். தேங்காய்ப்பாலும் பருப்பும் வயிற்றில் மந்தமாக நிற்காமலிருக்க, சொதி வைத்தால் இதுவும் வேண்டும்.

தொட்டுக்கொள்ள: சொதிச் சாப்பாடு (பக்கம் 4).

பக்கம் 5

---

அகரவரிசை

இஞ்சி 4, 5
இஞ்சிப் பச்சடி 5
உளுந்தஞ்சோறு 2
எலுமிச்சை 4
எள்ளுத் துவையல் 3
சொதி 4
தேங்காய்த் துருவல் 2, 3
தேங்காய்ப்பால் எடுப்பது 4
தொலி உளுந்து 2
பாசிப்பருப்பு 4
புளி 3, 5
பூண்டு 2, 4
முருங்கைக்காய் 4
வெந்தயம் 2
வெல்லம் 5

பக்கம் 6