2ஏ வீட்டின் பராமரிப்புத் தொகை: ஜூலை நோட்டீஸில் சதுர அடி தவறு

செயலாளர் சாருக்கும் பொருளாளர் மேடத்துக்கும் வணக்கம்.

நேற்று குரூப்பில் போட்ட நோட்டீஸ் போட்டோவில் எங்கள் 2ஏ வீட்டுக்கு 3,624 ரூபாய் என்று இருக்கிறது. போன மாதம் வரை இவ்வளவு வந்ததில்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் வீட்டின் பரப்பு 820 சதுர அடி என்று இருந்தது, டியூப் லைட் வெளிச்சம் பட்டு எழுத்து மங்கலாகத் தெரிந்ததால் சந்தேகம் வந்து கீழே இறங்கிப் போய் போர்டிலேயே பார்த்தேன், அங்கேயும் 820தான். எங்கள் பத்திரத்தில் 620 சதுர அடி. எங்களுக்கு மேலும் கீழும் இருக்கிற ஏ வீடுகள் மூன்றும் இதே பிளான்தான், அவை அதே நோட்டீஸில் 620 என்று சரியாகவே இருக்கின்றன.

கார் பார்க்கிங்கையும் சேர்த்து 820 போட்டிருப்பார்களோ என்று மாடியில் ஒருவர் சொன்னார். பார்க்கிங் எல்லோருக்கும் இருக்கிறது, சேர்ப்பதானால் 12 வீட்டுக்கும் சேர்க்க வேண்டும். டைப் செய்யும்போது 6 என்பது 8 ஆகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

வாட்ச்மேன், தண்ணீர் லாரி, லிஃப்ட், பொது இ.பி. எல்லாம் சேர்த்து மாதச் செலவு 46,800 ரூபாய், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஏ வீடு 620, பி வீடு 850, சி வீடு 1,130, ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக மொத்தம் 10,400 சதுர அடி. 46,800ஐ 10,400ஆல் வகுத்தால் சதுர அடிக்குச் சரியாக 4 ரூபாய் 50 காசு. நோட்டீஸில் மொத்தம் 10,600 என்று போனதால்தான் அது 4.42 ஆகியிருக்கிறது. இந்தக் கணக்குப்படி ஏ வீட்டுக்கு 2,790, பி வீட்டுக்கு 3,825, சி வீட்டுக்கு 5,085. கூட்டிப் பாருங்கள், 46,800 அப்படியே வரும்.

இதைத் திருத்தினால் எனக்கு 834 ரூபாய் குறையும், ஆனால் மற்ற ஏ வீடுகளுக்கு 50, பி வீடுகளுக்கு 68, சி வீடுகளுக்கு 90 ரூபாய் கூடும். அதை மறைத்துவிட்டு என் தொகையை மட்டும் குறைக்கச் சொல்வது சரியில்லை என்பதால்தான் எல்லோருடைய கணக்கையும் போட்டேன். இப்படியே விட்டால் என் வீட்டுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகப் போகும்.

2,790 ரூபாயை இன்றே சங்கக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன், பாக்கி என்று குறித்துவிடாதீர்கள். பத்திரத்தில் பரப்பு இருக்கும் பக்கத்தின் நகலை வாட்ச்மேன் அண்ணனிடம் கவரில் கொடுத்திருக்கிறேன். பத்தாம் தேதிக்குள் திருத்திய நோட்டீஸை ஒட்டிவிட்டு, அதையே குரூப்பிலும் போட்டுவிடுங்கள், ஏற்கெனவே பழைய தொகையைக் கட்டியவர்களுக்கு மீதியை ஆகஸ்டில் சேர்த்துக்கொள்ளலாம். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
2ஏ வீட்டுக்காரர்