முகப்பிலிருந்து அடுப்படி வரை: நம் வீட்டுப் புதையல் வேட்டை

பிள்ளைகளே, எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்த பிறகு மூத்தவள் இதைச் சத்தமாகப் படிக்க வேண்டும்.

நம் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. வருஷத்தில் நாலு நாள்தான் திறக்கிறோம், அந்த நாலு நாளும் நீங்கள் முகப்பைத் தாண்டுவதே இல்லை. உங்கள் காலுக்கும் கைக்கும் இந்த வீடு பழக வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அதற்காகத்தான் இந்தச் சீட்டுகள்.

நாலு பேரும் ஒரே அணி. சின்னவன் வந்து சேராமல் எந்தச் சீட்டையும் பிரிக்கக் கூடாது. கிணற்றடியில் எதுவும் வைக்கவில்லை, அங்கே போக வேண்டாம்.

முதல் சீட்டு

தூண்டிலில் பாதி என் பெயர். மீன் பிடிக்க மாட்டேன், கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு நான். வளவில் என்னைப்போல் பலர் உண்டு. ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துப் பாருங்கள், யார் முதுகில் காகிதம் தட்டுப்படுகிறதோ அவன்தான் நான்.

இரண்டாம் சீட்டு

பெயரில் பல் உண்டு, கடிக்காது. குழி உண்டு, தண்ணீர் நிற்காது. அப்பத்தாவிடம் கேட்டு வாங்குங்கள். 14 குழிக்கும் குழிக்கு 5 புளியங்கொட்டை போடுங்கள். மொத்தம் எத்தனை? அந்த எண்ணின் இரண்டு இலக்கத்தையும் கூட்டி மனசில் வையுங்கள். அப்புறம் பலகையைத் திருப்புங்கள்.

மூன்றாம் சீட்டு

முகப்பு
↓
வளவு
↓
இரண்டாம் கட்டு: நிலைப்படி → → → ✗
↓
அடுப்படி

அடுப்படியைப் பார்த்தபடி நிலைப்படியில் நின்று, இடப்பக்கம் திரும்புங்கள். மனசில் வைத்த எண் அளவுக்குக் கல் எண்ணி நொண்டியடித்துப் போக வேண்டும். கோட்டை மிதித்தால் மறுபடி நிலைப்படி! போய்ச் சேர்ந்ததும் அந்தக் கல்லைத் தடவிப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றி வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. சீட்டு பக்கத்துப் பாயின் அடியில்.

நான்காம் சீட்டு

குரலின் தலையை எடுத்துவிட்டு உலக்கையின் தலையை வையுங்கள். உள்ளே ஒரு பிடி பொட்டுக்கடலை இருக்கிறது. ஆளுக்குப் 10 குத்து. சின்னவனோடு மூத்தவளும் சேர்ந்து உலக்கையைப் பிடிக்க வேண்டும். மாவானதும் அடுப்படியில் இருக்கிற சித்தப்பாவிடம் காட்டுங்கள், அடுத்த சீட்டு அவர் பையில்.

ஐந்தாம் சீட்டு

தேள் கொட்டும், குளவி கொட்டும். நான் கொட்ட மாட்டேன், என் பெயரே அதைத்தான் சொல்கிறது. பனை ஓலையில் முடைந்தவன். சாமி அறைக்குப் பக்கத்து மாடத்தில் இருக்கிறேன்.

உள்ளே மாவுருண்டை இருக்கும். ஆளுக்கு ஒன்று, அப்பத்தாவுக்கும் ஒன்று. அடியில் ஒரு பெரிய சாவி. நீங்களாக எந்தக் கதவிலும் போட்டுப் பார்க்காதீர்கள். அப்பத்தா கையில் கொடுத்து, எந்த அறைச் சாவி என்று கேளுங்கள். அவர் எழுந்து நடந்தால் பின்னாலேயே போங்கள்.

அயித்தை